“நான் எப்போது அப்படிச் சொன்னேன்?”

இந்தக் கேள்வியைப் பத்துப் பேர் முன்னால் உங்கள் மேனேஜர் உங்களிடம் கேட்டிருக்கிறாரா? என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து, மாத விற்பனை அறிக்கையில் திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டாம், மொத்த விற்பனையை மட்டும் காட்டு என்றார். வியாழக்கிழமை மீட்டிங்கில் தொகை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யாரோ கேட்டதும், என் பக்கம் திரும்பி, “ரிட்டர்னைக் கழிக்காமலா போட்டாய்? யார் சொன்னது?” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என் காதுமேல்தான் சந்தேகம் வந்தது. அதுதான் இதில் மோசமான பகுதி.

அடுத்த முறை அவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போன அரை மணி நேரத்துக்குள் ஒரு மெயில் போட்டேன்: “சார், இன்று 11 மணிக்குப் பேசியபடி, இந்த மாத அறிக்கையிலும் ரிட்டர்னைக் கழிக்காமல் மொத்த விற்பனையை மட்டும் காட்டுகிறேன். வியாழன் மதியம் அனுப்புவேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். “நீங்கள்தான் சொன்னீர்கள்” என்ற தொனி அதில் எங்கும் இல்லை, மேலதிகாரிக்கு சிசி போடவும் இல்லை, ஏனென்றால் முதல் மெயிலிலேயே சிசி போட்டால் அது சண்டைக்கு அழைப்பு. வியாழனன்று அவர் மறுபடி மாற்றிப் பேசினால், புது மெயில் தொடங்காமல் அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு “இப்போது கழித்துக் காட்டச் சொன்னதால் மாற்றுகிறேன், வெள்ளி மாலை ஆகும்” என்று எழுத வேண்டும். அப்போது எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பது ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும்.

சாட்டில் எழுதினால் போதாதா என்பீர்கள். பல சாட் செயலிகளில் அனுப்பியதைத் திருத்தலாம், அழிக்கலாம், அதனால் நான் மெயிலையே நம்புகிறேன். இன்னொன்று, பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள முடியாது. பணம் செலவாகும் வேலை, பிறகு திருப்ப முடியாத வேலை என்றால் “சரி” என்று ஒரு வார்த்தை வரும்வரை கை வைக்காதீர்கள்.

சரி, அவர் உண்மையிலேயே மறதிக்காரராக இருந்தால்? மறதிக்காரருக்கு இந்த மெயில் உதவி, சில நாளில் அவரே “அன்று என்ன பேசினோம், அந்த மெயிலை அனுப்பு” என்று கேட்பார். வேண்டுமென்றே குழப்புகிறவருக்குத்தான் எரியும். என்னுடையவர் மூன்றாவது மெயிலுக்குப் பிறகு, “எதற்கு எல்லாவற்றையும் எழுதுகிறாய், கூப்பிட்டுப் பேசு” என்றார். “எனக்கு மறந்துபோகிறது சார், எனக்காகத்தான்” என்றேன். அப்புறமும் எழுதினேன். கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் அன்றன்றே குறித்தேன். ஆபீஸ் மெயில்களைச் சொந்த முகவரிக்கு அனுப்புவதை மட்டும் செய்யவில்லை. பல கம்பெனிகளில் அது விதிமீறல், நம்மைக் காப்பாற்ற வைத்த காகிதமே நம்மை மாட்டிவிடும்.