வெறுங்கையோடு போனவருக்கு ஒரு சிவப்புத் தாள்: வகுப்பறைக்குள் ஒரு பொம்மைக் கடை

(திரையில்: மேசை மேல் 24 சோடா மூடிகள், இரண்டு தாயக்கட்டைகள், ஒரு கொப்பி)

இந்த மேசையில் கிடக்கிற 24 சோடா மூடியும் கார்கள். விளையாட்டுக் கார்கள். கடை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கிறது, சரக்கு புறக்கோட்டையிலிருந்து வருகிறது, முதலாளிகள் நான்கு பேர், நான்கு பேருக்கும் வயது 16. உயர்தர வகுப்பில் வணிகம் படிக்கிற பிள்ளைகளோடு நான் வழக்கமாக விளையாடுகிற விளையாட்டு இது. இரண்டு பாடவேளை போதும். செலவு என்று பார்த்தால் சோடா குடித்த செலவுதான்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கணக்குக்குப் போவோம்.

ஒரு காரை 300 ரூபாவுக்கு வாங்கி 500க்கு விற்கிறோம், இலாபம் 200. ஒவ்வொரு கிழமையும் ஆசிரியர் இரண்டு தாயக்கட்டையையும் உருட்டுவார், விழுகிற கூட்டுத்தொகைதான் அந்தக் கிழமை கார் கேட்டு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை. எல்லா மேசைக்கும் ஒரே உருட்டுத்தான். மேசைக்கு மேசை தனியாக உருட்டினால் தோற்றவர்கள் எல்லாரும் தாயக்கட்டையைத்தான் திட்டுவார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் படிப்பிக்க முடியாது.

கிழமை முடிவில் விரும்பினால் ஓடர் போடலாம். ஒரு கார் எடுத்தாலும் நூறு எடுத்தாலும் ஓடர் ஒன்றுக்கு 400 ரூபா, ஓட்டோக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து. ஆனால் சரக்கு உடனே வராது, நடுவில் இரண்டு முழுக் கிழமை போகும். முதலாம் கிழமை முடிவில் போட்ட ஓடர் நான்காம் கிழமை காலையில்தான் கடைக்கு வரும். இதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பதால் ஓடர் துண்டை ஒரு கடித உறையில் போட்டு, வெளியே "4ஆம் கிழமை" என்று எழுதி ஆசிரியர் மேசையில் வைத்துவிடுங்கள். அந்தக் கிழமை வரும்வரை உறையைத் திறக்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

கிழமை முடிவில் விற்காமல் மிஞ்சுகிற ஒவ்வொரு காருக்கும் 10 ரூபா வைத்திருக்கும் செலவு. பிள்ளைகள் உடனே கேட்பார்கள், "சேர், கார் சும்மா ராக்கையில் இருக்கிறதுக்கு ஏன் காசு?" நியாயமான கேள்வி. அந்தக் காருக்குள் 300 ரூபா அடைந்து கிடக்கிறது, அது கடன் வாங்கிய காசாக இருந்தால் வட்டி ஓடுகிறது, சொந்தக் காசாக இருந்தால் வேறெதற்கும் உதவாமல் கிடக்கிறது. ராக்கை பிடிக்கிற இடத்துக்கு வாடகை. கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் பெட்டியின் அட்டை நெளிந்துவிடும், பற்றரி கசிந்துவிடும், அடுத்த வருடம் பிள்ளைகள் வேறு காரைக் கேட்பார்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: 300 ரூபாச் சாமானுக்குக் கிழமைக்கு 10 ரூபா என்பது நிஜத்தில் மிக அதிகம். பாடநூல்கள் வழக்கமாகச் சொல்வது வருடத்துக்குச் சரக்குப் பெறுமதியில் 20 முதல் 30 சதவீதம், அப்படியென்றால் ஒரு காருக்குக் கிழமைக்கு ஒன்றிரண்டு ரூபாதான் வரும். பத்துக் கிழமை விளையாட்டில் அது கண்ணுக்கே தெரியாது, அதனால் வேண்டுமென்றே ஊதிப் பெருப்பித்திருக்கிறோம்.

கடைசி விதி. கார் இல்லையென்றால் வந்த பிள்ளை போய்விடும். பிறந்தநாள் இன்றைக்கு, உங்கள் ஓட்டோ வருவது அடுத்த கிழமை, யார் காத்திருப்பார்கள்? அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

(திரையில்: பத்துக் கிழமையில் கார் கேட்டு வந்தவர்கள்: 6, 8, 5, 9, 7, 10, 4, 8, 11, 6)

சரி, இது ஒருமுறை விழுந்த எண்கள். மொத்தம் 74 பேர் வந்திருக்கிறார்கள். எல்லா மேசையும் 24 காரோடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் 24 கார் ஓடர் செய்கிறது. எப்போது ஓடர் போடுவது என்பதில்தான் வித்தியாசம்.

முன்மேசைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு தாயக்கட்டையின் சராசரி 7, சரக்கு வர இரண்டு கிழமை, ஆகவே 14 கார் இருக்கும்போது ஓடர் போட்டால் சரியாக வந்து சேரும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! முதலாம் கிழமை 6 விற்று 18 மிச்சம், பிரச்சினையில்லை. இரண்டாம் கிழமை 8 விற்று 10 மிச்சம், 14க்குக் கீழே வந்துவிட்டது, ஓடர் போட்டார்கள். மூன்றாம் கிழமை 5 மிச்சம். நான்காம் கிழமை 9 பேர் வந்தார்கள், கார் 5தான், 4 பேர் வெறுங்கையோடு போனார்கள். எட்டாம் கிழமை திரும்பவும் அதே கதை, இந்த முறை 5 பேர். மொத்தம் 9 பேர்.

எங்கே பிழைத்தது? இரண்டு இடத்தில். சராசரி 14 என்றால் அதற்கு மேலே போகிற வாய்ப்பும் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கிழமைக்கு நான்கு தாயக்கட்டை என்று எண்ணிப் பார்த்தால், கூட்டுத்தொகை 14ஐத் தாண்டுகிற வாய்ப்பு நூற்றுக்கு 44. அதாவது மிகச் சரியாக 14 காரோடு ஓடர் போட்டிருந்தாலும், கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒருமுறை சரக்குத் தீர்ந்திருக்கும். இரண்டாவது பிழையைப் பெரியவர்களே தவறவிடுவார்கள். இருப்பு ஒவ்வொன்றாக இறங்கி 14இல் நின்று கையைக் காட்டுவதில்லை. கிழமைக்கு ஒருமுறைதான் எண்ணுகிறோம், ஆகவே 18இலிருந்து நேரே 10க்குக் குதித்துவிடுகிறது. 10 காரோடு இரண்டு கிழமையைக் கடக்க வேண்டும், அது தீர்ந்துபோகிற வாய்ப்பு நூற்றுக்கு 84! இரண்டாவது ஓடர் போடும்போது கையில் இருந்தது 7. அதற்கு வாய்ப்புக் கணக்கெல்லாம் தேவையில்லை.

சன்னலோர மேசைக்காரர்கள் 20க்கு வந்தவுடனேயே ஓடர் போட்டார்கள். காரணம் கேட்டேன், "பயம் மிஸ்" என்றாள் ஒருத்தி. என்னை மிஸ் என்று கூப்பிட்டதும் அந்தப் பயத்தில்தான். ஆனால் அந்தப் பயம் நல்ல பயம். முதலாம் கிழமையே 18 மிச்சத்தில் ஓடர் போய்விட்டது, பத்துக் கிழமையிலும் அவர்கள் இழந்தது கடைசிக் கிழமையில் 2 பேரை மட்டும்தான்.

இப்போது செலவுக் கொப்பியைத் திறப்போம், இங்கேதான் விளையாட்டு சூடுபிடிக்கும். முன்மேசைக்கு மூன்று ஓடர், 1200 ரூபா. கிழமை முடிவு மிச்சங்களைக் கூட்டினால் 80, வைத்திருக்கும் செலவு 800. மொத்தம் 2000. சன்னலோர மேசைக்கும் மூன்று ஓடர், 1200. மிச்சம் கூட்டினால் 111, ஆக 1110. மொத்தம் 2310. முன்மேசைக்காரர்கள் கை தட்டுகிறார்கள், செலவு அவர்களுக்குத்தானே குறைவு!

தீர்ந்துபோன சரக்குக்கு யாரும் பில் எழுதுவதில்லை. வைத்திருக்கும் செலவு கொப்பியில் எண்ணாக வந்து உறுத்தும், கடைக்கு வந்து திரும்பிப் போன பிள்ளை எந்தக் கொப்பியிலும் இல்லை. அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன்: வெறுங்கையோடு போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புத் தாளை அந்த மேசையில் வைக்கிறேன், விளையாட்டு முடியும்வரை எடுக்கக் கூடாது. முன்மேசையில் 9 தாள், ஒன்றுக்கு 200 ரூபா இலாபம் போனது, ஆக 1800. அதைச் சேர்த்தால் 3800. சன்னலோர மேசையில் 2 தாள், 400, சேர்த்து 2710. பெட்டிகளைக் கூடுதலாக வைத்திருந்ததற்கு 310 ரூபா கொடுத்து 1400 ரூபாவைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

(திரையில்: முன்மேசை 3800, சன்னலோரம் 2710, பின்மேசை ?)

பின்மேசையை மறக்கவில்லை. அவர்களும் 14 என்றுதான் தொடங்கினார்கள். இரண்டாம் கிழமை 10 மிச்சம், ஓடர் போட்டார்கள். மூன்றாம் கிழமை 5 மிச்சம், "ஐயோ குறைகிறதே" என்று இன்னொரு ஓடர். நான்காம் கிழமை பூச்சியம், 4 சிவப்புத் தாள், பதறிப்போய் மூன்றாவது ஓடர். முதல் ஓடர் ஏற்கெனவே உறைக்குள் கிடக்கிறது, ஆனால் அவர்கள் கண் ராக்கையில் மட்டும். பிறகு ஐந்தாம், ஆறாம், ஏழாம் கிழமை என்று தொடர்ந்து மூன்று ஓட்டோ வந்து நின்றன. ஏழாம் கிழமை முடிவில் மேசையில் 51 மூடி, கொப்பி வைக்க இடமில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை என்பது உண்மைதான், ஆனால் வைத்திருக்கும் செலவு மட்டும் 2330, எல்லாம் சேர்த்து 4330. மூன்று மேசையிலும் மோசமான கணக்கு இதுதான்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. கொப்பியில் "கையில்" என்ற நிரலுக்குப் பக்கத்தில் "வழியில்" என்று ஒரு நிரல் போடுங்கள், இரண்டையும் கூட்டித்தான் 14ஓ 20ஓ என்று பார்க்க வேண்டும். சன்னலோர மேசை அதைத்தான் செய்தது. இரண்டாம் கிழமை அவர்கள் கையில் 10, வழியில் 24, கூட்டினால் 34, அதனால் பேசாமல் இருந்தார்கள்.

ஏன் எல்லாருக்கும் 24 என்று ஒரு கேள்வி வரும், வர வேண்டும். ஓடர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வர ஒருமுறைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்கிற, 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட சூத்திரம்தான் உங்கள் பாடநூலிலும் இருக்கிறது. நம் கடைக்குக் கிழமைச் சராசரி 7, ஓடர் செலவு 400, வைத்திருக்கும் செலவு 10, ஆகவே:

√(2 × 7 × 400 ÷ 10) ≈ 24

12, 12 ஆக எடுத்தால் ஓட்டோக் கூலி ஏறும், 48 எடுத்தால் ராக்கை நிறையும், இரண்டிலும் கிழமைச் செலவு ஏறக்குறைய 295 ரூபா. 24இல் 237. ஆனால் 20 எடுத்தால் 240, 30 எடுத்தால் 243! மூன்று, ஆறு ரூபாதான் கூடுகிறது. எவ்வளவு எடுப்பது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் கடை தாங்கும், எப்போது எடுப்பது என்பதில் பிசகினால்தான் சிவப்புத் தாள் குவிகிறது. பிள்ளைகளோ பாதி நேரத்தை 24ஆ 26ஆ என்று சண்டை பிடிப்பதிலேயே கழிப்பார்கள், கழிக்க விடுங்கள்.

நேரம் இருந்தால் இரண்டாம் சுற்று. இந்த முறை அறிவிக்காமல் ஐந்தாம் கிழமையிலிருந்து மூன்று தாயக்கட்டை உருட்டுங்கள். டிசம்பர் வந்துவிட்டது, நத்தாருக்கு முன் புறக்கோட்டைக்குள் கால் வைக்க முடியாத நாட்கள். சராசரி 7 இப்போது பத்தரை, இரண்டு கிழமைக்கு 21. சன்னலோர மேசையின் 20 போன சுற்றில் நன்றாக இருந்த எண், அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் கிழமை அந்த மேசைக்குத் தாள் வைக்கப் போனபோது கையில் சிவப்பு முடிந்துவிட்டது, பச்சையை வைத்துவிட்டு வந்தேன்.