நீரிழிவுக் கிளினிக்கில் சோப் குறிப்பு: 192 என்ற எண்ணுக்குப் பிறகு என்ன எழுதுவது?

[திரை: மேசையில் விரித்த கிளினிக் கொப்பி. பக்கத்தில் நான்கு வரிகள்.]

குரல்: கொழும்பில் உள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவக் கிளினிக். நேரம் காலை 11 மணி. வெளியே வாங்கு நிறைய ஆட்கள். பயிற்சிக்காக நாம் அமைத்த ஒரு நோயாளியின் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறது.

[திரையில் எழுத்து]
எஸ்: முறைப்பாடு இல்லை.
ஓ: எப்பிஎஸ் 192.
ஏ: கட்டுப்பாடு போதாது.
பி: கிளிக்லசைட் 160 மி.கி. இரு வேளை. உணவு ஆலோசனை. 2 மாதத்தில் வரவும்.

குரல்: நான்கு எழுத்தும் இருக்கின்றன, ஒழுங்கும் சரி. ஆனாலும் இந்தக் குறிப்பு இந்த அம்மாவை மயங்கி விழ வைக்கக்கூடும். எப்படி என்று பார்ப்போம். கிளினிக்கில் குறிப்பு ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. இங்கே விளக்கத்துக்காக அதைத் தமிழில் காட்டுகிறோம்.

லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் கொண்டுவந்த சோப் முறை இது. நோயாளி சொன்னது ‘எஸ்’. நாம் கண்டதும் அளந்ததும் ‘ஓ’. அவற்றை வைத்து நாம் நினைப்பது ‘ஏ’. செய்யப்போவது ‘பி’. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெரிசலான கிளினிக்கில் முதலில் காணாமல் போவது ‘ஏ’தான். எப்பிஎஸ் என்ற வெறும் வயிற்றுச் சீனியின் எண்ணைப் பார்த்த கை நேரே மருந்தின் அளவைக் கூட்டிவிடுகிறது. ‘கட்டுப்பாடு போதாது’ என்பது மதிப்பீடு அல்ல. 192 என்ற எண்ணையே சொற்களில் திருப்பிச் சொல்வது. ஏன் போதாது என்பதற்குப் பதில் இருந்தால்தான் அது ‘ஏ’.

[திரை: நோயாளியின் விபரம்]

குரல்: வயது 58, கொட்டாஞ்சேனை. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. நீரிழிவு 9 வருடம். கொப்பியின்படி மெட்போர்மின் 1 கிராம் இரு வேளை, கிளிக்லசைட் 80 மி.கி. இரு வேளை, லொசார்டன் 50 மி.கி., இரவில் அட்டோர்வாஸ்டடின் 20 மி.கி.

‘கொப்பியின்படி’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “அம்மா, குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் “ஓம் டொக்டர்” என்பதுதான் பதில். வேறு பதிலுக்கு அந்தக் கேள்வி இடமே வைக்கவில்லை. ஏச்சு விழும் என்ற பயமும் உண்டு. கேள்வியை ஒரு குறித்த நாளோடு கட்டிவிடுங்கள்.

“நேற்றுக் காலையில எத்தினை மணிக்குக் குளிசை எடுத்தனீங்கள்? எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்?”

“ஆறு மணிக்குத் தேத்தண்ணியோட எடுத்தனான். சாப்பாடு கடையில, பத்தரைக்குத்தான்.”

“அந்த இடையில உடம்புக்கு ஏதும் செய்யுமா?”

“பத்து மணிபோல கை நடுங்கும், வேர்க்கும். ஒரு இனிப்புத் தேத்தண்ணி குடிச்சால் சரியாகிடும்.”

“இரவுக் குளிசை?”

“அந்தப் பெரிய குளிசை வயித்தக் குழப்புது டொக்டர். இரவில விட்டுட்டன்.”

அரை நிமிடம் போதும். ‘முறைப்பாடு இல்லை’ என்ற வரி பொய்யாகிவிட்டது. நடுக்கத்தையும் வியர்வையையும் அவர் முறைப்பாடாக நினைக்கவே இல்லை. வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். ஆகவே கேட்காமல் வராது.

இதை ‘எஸ்’ பகுதியில் எழுதும்போது அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். ‘ஹைப்போ ஏற்பட்டது’, அதாவது சீனி அளவுக்கு மீறிக் குறைந்தது என்று அங்கே எழுதக்கூடாது. அந்த நேரத்தில் யாரும் சீனி பார்க்கவில்லை. நடுக்கம், வியர்வை, நேரம், எத்தனை தரம், எதனால் தணிந்தது என்பவை ‘எஸ்’. அது ஹைப்போவாக இருக்கலாம் என்பது உங்கள் ஊகம். அதற்கு இடம் ‘ஏ’. இரண்டையும் கலந்தால், உறுதிப்படுத்திய ஹைப்போ என்று அடுத்த டொக்டர் நம்பிவிடுவார்.

[திரை: ‘ஓ’ பகுதி]

குரல்: இனி ‘ஓ’. எப்பிஎஸ் 192 என்று மட்டும் இருந்தால் அது அரை எண். எந்தத் திகதியில் எடுத்தது? ஆய்வுகூடத்தில் எடுத்த இரத்தமா, விரல் நுனியில் குத்திப் பார்த்ததா? ரிப்போர்ட் போன கிழமையுடையதாக இருக்கலாம், நோயாளி இன்றைக்குத்தான் கொண்டுவந்திருப்பார். பக்கத்தில் முந்தைய எண்ணையும் போடுங்கள். ‘192, இரண்டு மாதம் முன் 168’ என்று பார்த்தவுடன் போகும் திசை தெரியும். கடந்த இரண்டு, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இருந்தால் அதையும் திகதியோடு எழுதுங்கள். இவருக்கு 8.4 சதவீதம். குருதிச்சோகை உள்ளவரில் இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினையும் ஒரு கண் பார்ப்பது நல்லது.

அடுத்தது சிறுநீரகம். ஈஜிஎப்ஆர் 54. மெட்போர்மின் எழுதும் குறிப்பில் இந்த எண் இருந்தே ஆக வேண்டும். 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க யோசிக்க வேண்டும், 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். 54 என்றால் இப்போதைக்கு முழு அளவு கொடுக்கலாம், ஆனால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாதம்தான் தர்மசங்கடமான இடம். பார்க்க நேரம் இல்லை, ஆனால் எழுத ஓர் இடம் இருக்கிறது. கை தன்பாட்டில் ‘பாதம் சாதாரணம்’ என்று எழுதிவிடும். அதை வாசித்த அடுத்த டொக்டரும் செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார். அதற்கடுத்தவரும் மாட்டார். அப்படியே ஒரு வருடம் போய்விடும். பார்க்கவில்லை என்றால் ‘பாதம் இன்று பார்க்கவில்லை, அடுத்த முறை’ என்று எழுதுங்கள். அது குறை இல்லை, அடுத்தவருக்கு விட்ட வேலை. பார்த்திருந்தால் பார்த்ததை எழுதுங்கள்: விரலிடுக்கில் புண், பாதத் துடிப்பு, 10 கிராம் மொனோபிலமென்ற் உணர்வு.

[திரை: ‘ஏ’ பகுதி பெரிதாகிறது]

குரல்: இப்போது ‘ஏ’. நம் கையில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. காலையில் கிளிக்லசைட் எடுத்து நாலரை மணித்தியாலம் கழித்துத்தான் சாப்பாடு. கிளிக்லசைட் சாப்பாடு வந்ததா என்று காத்திருக்காது; கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துவிடும். பத்து மணி நடுக்கத்துக்கு அது போதிய காரணம். மற்றது, இரவு மெட்போர்மின் இல்லை. இரவில் ஈரல் வெளிவிடும் குளுக்கோசை அடக்குவதுதான் அந்த மருந்தின் முக்கிய வேலை. அது இல்லாதபோது விடியற்காலைச் சீனி ஏறுவதில் வியப்பில்லை.

ஒரே ஆளில் விடியற்காலையில் சீனி கூடுகிறது, பத்து மணிக்குக் குறைகிறது. எப்பிஎஸ் மட்டும் பார்த்தால் முதல் பாதிதான் தெரியும். இப்போது அந்தப் பழைய குறிப்பைத் திரும்பப் பாருங்கள். அது கிளிக்லசைட்டை 160 மி.கி. இரு வேளையாக்கியது. அதாவது ஒரு நாளைக்கு 320 மி.கி., அந்த மருந்தின் உச்ச அளவு. பத்து மணிப் பள்ளம் இன்னும் ஆழமாகும். வெறும் வயிற்றுடன் பஸ்ஸில் நிற்கும்போதோ கடைப் படியில் ஏறும்போதோ விழலாம்.

[திரை: திருத்திய குறிப்பு, வரி வரியாக]

எஸ்: கிளிக்லசைட் காலை 6 மணிக்குத் தேநீருடன், முதல் உணவு 10.30. காலை 10 மணியளவில் நடுக்கம், வியர்வை, 2 கிழமையில் 3 தரம், இனிப்புத் தேநீரில் தணிந்தது, மயக்கம் இல்லை, சீனி அளக்கவில்லை. இரவு மெட்போர்மின் 6 கிழமையாக எடுக்கவில்லை, வயிற்றுக் குழப்பம்.

ஓ: எப்பிஎஸ் 192 (ஆய்வுகூடம், 3 நாள் முன்), முந்தையது 168. எச்பிஏ1சி 8.4. ஈஜிஎப்ஆர் 54. அமுக்கம் 138/84. நிறை 64 கிலோ. பாதம் இன்று பார்க்கவில்லை.

ஏ: 2ஆம் வகை நீரிழிவு, இலக்குக்கு மேல். காரணம்: இரவு மெட்போர்மின் விடுபட்டது. ஹைப்போ சந்தேகம்: உணவுக்கு முன்னே எடுத்த கிளிக்லசைட். சல்போனிலூரியா வகையான கிளிக்லசைட்டைக் கூட்ட வேண்டாம்.

பி: கிளிக்லசைட் காலை 40 மி.கி., கடையில் முதல் உணவுடன். இரவு 80 மி.கி. உணவுடன், மாற்றம் இல்லை. மெட்போர்மின் காலை 1 கிராம்; இரவு 500 மி.கி. சாப்பிட்டபின், 2 கிழமையில் பொறுத்தால் 1 கிராம். லொசார்டன் 50 மி.கி. காலை, அட்டோர்வாஸ்டடின் 20 மி.கி. இரவு, தொடரவும். ஹைப்போ ஆலோசனை கொடுத்தது. சிறுநீர் அல்புமின்-கிரியேற்றினின் விகிதம், எப்பிஎஸ், பாதம்: 4 கிழமையில்.

குரல்: ‘பி’ வரியில் மாறாத மருந்துக்கும் அளவு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘முன்னையபடி தொடரவும்’ என்று எழுதினால், முன்னைய பக்கத்திலும் அதுவேதான் இருக்கும். உண்மையான அளவைத் தேடிப் பல பக்கம் பின்னால் போக வேண்டும், இடையில் கொப்பி மாறியிருந்தால் அதுவும் இல்லை. இன்சுலின் போடுபவராக இருந்தால் ‘யூனிற்’ என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூச்சியம்போல் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும்.

‘ஹைப்போ ஆலோசனை’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் உண்மையில் ஆலோசனை இருக்க வேண்டும். நடுங்கினால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடத்தில் தணியாவிட்டால் இன்னொரு தரம். பிறகு சாப்பாடு. கிளினிக் நாளுக்கும் ஒரு சொல் வேண்டும். இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருகிற நாளில் காலைக் கிளிக்லசைட்டை வீட்டில் எடுக்கக்கூடாது. பையில் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது எடுக்கட்டும். வாங்கில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

நான்கு கிழமை என்பதும் யோசித்துப் போட்டது. ஹைப்போ சந்தேகம் உள்ளவரை இரண்டு மாதம் விட்டுவைக்க முடியாது. அன்றைக்கு இந்தக் கொப்பியைத் திறப்பவர் வேறு டொக்டராக இருக்கலாம். அவர் முதலில் கேட்க வேண்டியது 192ஐப் பற்றி இல்லை. பத்து மணி நடுக்கம் நின்றதா, இரவு மெட்போர்மின் உள்ளே போகிறதா என்பதைப் பற்றி. நடுக்கம் நின்று, மெட்போர்மினும் முழுதாக எடுத்து, அதன் பிறகும் எப்பிஎஸ் 130க்கு மேலேயே இருந்தால் அப்போது மூன்றாவது மருந்தைப் பற்றிப் பேசலாம். சிறுநீரில் அல்புமின் கூடியிருந்தால், கிடைக்கும் இடத்தில் எம்பாக்லிப்ளோசின் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.