200 ரூபா யூனிட்டை 220 கொடுத்து வாங்கினா? வீட்ல இருந்தே வெளிநாட்டு ஃபண்ட் வாங்கறவங்களுக்கு

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரியில எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசறேன். பின்னாடி தெரியறது கோட்டை மலை. நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. மாங்கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா மாங்கா லோடு போகுது, சீசன் இன்னும் முடியல.

போன வாரம் பர்கூர்ல இருந்து என் சித்தி பையன் வந்திருந்தான். அங்க ஜவுளிக் கடை வச்சிருக்கான். போனை நீட்டி, "அக்கா, நான் அமெரிக்கா ஃபண்ட் வாங்கிட்டேன், பாரு"ன்னான். பார்த்தா, நாஸ்டாக் 100-ங்கற அமெரிக்கப் பங்கு இண்டெக்ஸைப் பின்தொடர்ற ஒரு இடிஎஃப், அதாவது பங்கு மாதிரியே சந்தையில வாங்கி விக்கிற ஃபண்ட். நம்ம ஊர் டீமேட் கணக்குலயே, ரூபாயில, ஒரு யூனிட் 220-ன்னு 454 யூனிட் வாங்கியிருக்கான். மொத்தம் 99,880 ரூபா. "சரிடா, அன்னைக்கு அந்த யூனிட்டோட உண்மையான மதிப்பு என்ன?"ன்னு கேட்டேன். "220 தானே, அதானே விலை"ன்னான். இன்னைக்கு வீடியோவே அந்த பதிலைப் பத்திதான்.

இடிஎஃப்-க்கு ரெண்டு விலை இருக்குங்க. ஒண்ணு, சந்தையில யாரோ விக்கிற விலை. இன்னொண்ணு, அந்த யூனிட்டுக்குள்ள இருக்கிற ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மாதிரி பங்குகளோட மதிப்பை ரூபாய்க்கு மாத்தினா வர்ற தொகை. இந்த ரெண்டாவதை ஃபண்ட் கம்பெனி வெப்சைட்ல iNAV-னு போட்டிருப்பாங்க. தம்பி வாங்கின அன்னைக்கு அது 200. அப்போ 454 யூனிட்டுக்குள்ள இருந்த சரக்கு 90,800 ரூபா. மிச்ச 9,080 ரூபா எந்தப் பங்குக்கும் போகல, வித்தவர் கைக்குப் போச்சு. இதைத்தான் பிரீமியம்னு சொல்றோம்.

சாதாரணமா இவ்வளவு இடைவெளி வராதுங்க. விலை ஏறினா, பெரிய வியாபாரிங்க ஃபண்ட் கம்பெனிகிட்ட புது யூனிட் உருவாக்கி வாங்கி சந்தையில விப்பாங்க, விலை தானா இறங்கிடும். மண்டிக்கு மாங்கா வரத்து இருக்கிற வரைக்கும் விலை ஒரு அளவுக்கு மேல போகாதுல்ல, அதே கணக்குதான். ஆனா இங்க வரத்தே அடைபட்டுக் கிடக்குது. நம்ம நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுல போடறதுக்கு மொத்தமா 700 கோடி டாலர்னு ஒரு வரம்பு இருக்கு. வெளிநாட்டு இடிஎஃப்-களை வாங்கற ஃபண்டுகளுக்குத் தனியா 100 கோடி டாலர். முதல் வரம்பு 2022 ஆரம்பத்துல நெருங்கிடுச்சு, புதுசா பணம் வாங்கறதை நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் யாராவது பணத்தைத் திரும்ப எடுத்து இடம் காலியானா, அந்த அளவுக்கு மட்டும் வாங்கிக்கலாம்னு விட்டாங்க. ரெண்டாவது வரம்புக்காக 2024 ஏப்ரல் 1-ல இருந்து புதுப் பணத்தை நிறுத்தினாங்க. புது யூனிட் வராது, வாங்க ஆள் மட்டும் வரிசையில நிக்கறாங்கன்னா, விலை ஏறாம என்ன பண்ணும்?

இதோட விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்திடலாம். அடுத்த ஒரு வருஷத்துல இண்டெக்ஸ் 12 சதவீதம் ஏறுது, டாலரும் ரூபாய்க்கு எதிரா 3 சதவீதம் ஏறுதுன்னு வைங்க. 200 ரூபா சரக்கு கிட்டத்தட்ட 231 ஆகும். அது 15 சதவீத லாபம், நல்ல வருஷம்தான். ஆனா அதுக்குள்ள வரம்பைத் தளர்த்தி பிரீமியம் கரைஞ்சு போச்சுன்னா, தம்பி 220-க்கு வாங்கினதை 231-க்கு விப்பான். லாபம் 5 சதவீதம். பேங்க் டெபாசிட்ல போட்டிருந்தாலே அதைவிடக் கூட வந்திருக்கும். அமெரிக்கா நல்லா ஓடியும் அவனுக்குப் பெருசா எதுவும் மிஞ்சல.

ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க. நம்ம சந்தை சாயங்காலம் மூன்றரைக்கு மூடறதுக்குள்ள அமெரிக்க சந்தை திறக்கவே திறக்காது. அதனால iNAV பெரும்பாலும் முந்தின ராத்திரி விலையை வச்சுதான் இருக்கும். அங்க இன்னைக்கு ராத்திரி ஏறும்னு எதிர்பார்ப்பு இருந்தா, ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம் வித்தியாசம் நியாயமாவே வரலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 5, 10-ன்னு போனா அது எதிர்பார்ப்பு இல்ல, தட்டுப்பாடு. வாங்கும்போது, இந்த விலைக்கு மேல வேண்டாம்னு நாமே விலை குறிக்கிற லிமிட் ஆர்டர்தான் போடணும். மார்க்கெட் ஆர்டர் போட்டா, விக்கிறவர் கேட்ட விலைக்கு மாட்டிக்குவீங்க.

"அப்போ இடிஎஃப் வேணாம், எஃப்ஓஎஃப் வாங்கறேன்"னு சிலர் சொல்வாங்க. எஃப்ஓஎஃப்-னா மத்த ஃபண்டுகளை வாங்கி வச்சிருக்கிற ஃபண்ட். அது நல்ல வழி, ஆனா உள்ள என்ன வாங்குதுன்னு பாருங்க. சில ஃபண்ட் நேரா வெளிநாட்டு ஃபண்டை வாங்கும். அதுல இந்தப் பிரீமியம் பிரச்சினை இல்ல. சிலது இங்க லிஸ்ட் ஆன அதே இடிஎஃப்-ஐத்தான் வாங்கும், அதைச் சந்தை விலையிலேயே மதிப்பும் போடும். அங்க பிரீமியம் என்ஏவி-க்குள்ள, அதாவது அந்த ஃபண்ட் சொல்ற யூனிட் மதிப்புக்குள்ளயே உக்காந்திருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் செலவு ரெண்டு அடுக்கு. மேல இருக்கிற ஃபண்ட் ஒரு கட்டணம் எடுக்கும், உள்ள இருக்கிற ஃபண்ட் தனியா எடுக்கும். வெளிய பெருசா போட்டிருக்கிற சதவீதத்தை மட்டும் பார்த்துட்டு வராதீங்க, ஸ்கீம் தகவல் ஆவணத்துல ரெண்டையும் கூட்டிப் பாருங்க. டைரக்ட் பிளான்ல வாங்கினா கமிஷனாவது மிச்சம்.

வெளிநாட்டு புரோக்கர்கிட்ட நேரா டாலர் அனுப்பி வாங்கற வழியும் இருக்கு. அதுக்கு பிரீமியம் கிடையாது. ஆனா 50,000 ரூபா அனுப்பறவங்களுக்கு அது சரிப்படாது. பேங்க் அனுப்பற கட்டணம் ஒரு ஆயிரம், மாத்து விலையில ஒரு சதவீதம் போச்சுன்னு வச்சாலே 1,500 ரூபா ஆச்சு, வாங்கறதுக்கு முன்னாடியே 3 சதவீதம் காலி. வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா மேல உள்ள தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ்-னு முன்கூட்டியே வரி பிடிப்பாங்க. அது வரியில கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் பணம் முடங்கிடும். வருமான வரிக் கணக்குல வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் நிரப்பணும். இங்க உள்ள மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்தத் தொல்லை இல்ல.

இப்போ டாலர் விஷயத்துக்கு வரேன். கமெண்ட்ல நிறைய பேர் "நான் ரூபாயில தானே வாங்கறேன், எனக்கு டாலர் ரிஸ்க் இல்லையே"ன்னு கேக்கறீங்க. இருக்குங்க. நீங்க எதுல காசு கட்டறீங்கங்கறது முக்கியமில்ல, உள்ள இருக்கிற கம்பெனி எந்த நாட்டுப் பணத்துல மதிப்புப் பெறுதுங்கறதுதான் கணக்கு. ஜப்பான் பங்குகள் வச்சிருக்கிற ஃபண்ட் தன் விலையை டாலர்ல காட்டினாலும், உங்க ரிஸ்க் யென்னுக்கும் ரூபாய்க்கும் நடுவுலதான்.

2022-ஐ எடுத்துக்கோங்க. நாஸ்டாக் 100 அந்த வருஷம் சுமார் 33 சதவீதம் விழுந்துச்சு. ஒரு லட்சம் 67,000 ஆகணும். ஆனா டாலர் 74 ரூபா சொச்சத்துல இருந்து 82 ரூபா சொச்சத்துக்கு ஏறினதால, நம்ம கைல சுமார் 74,500 இருந்திருக்கும். ரூபா விழுந்தது மெத்தை மாதிரி தாங்குச்சு. இப்போ 2017-ஐப் பாருங்க. இண்டெக்ஸ் 31 சதவீதம் ஏறுச்சு, ஆனா டாலர் 68-ல இருந்து 64-க்கு வந்துடுச்சு. ஒரு லட்சம் 1,31,000 ஆகாம 1,23,000 கிட்டதான் நின்னுச்சு. டாலர் எப்பவும் ஏறும்னு நினைக்கறவங்க இந்த 2017-ஐ ஞாபகம் வச்சுக்கணும். மாங்கூழ் ஏத்துமதி பண்றவங்களைக் கேளுங்க, பில் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவுல டாலர் இறங்கினா எப்படி வலிக்கும்னு சொல்வாங்க.

நம்ம பக்கத்துக்குன்னு இன்னொண்ணும் சொல்லணும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில எந்த வீட்ல நகை இல்ல? தங்கத்துக்கு உலக விலை டாலர்லதான். ரூபா விழுந்தா இங்க பவுன் விலை ஏறும். 20 பவுன் வச்சிருக்கிற குடும்பத்துக்கு, ரூபா வீழ்ச்சிக்கான பாதுகாப்பு ஏற்கனவே பீரோவுல இருக்கு. அதனால ரூபா விழும்ங்கற ஒரே காரணத்துக்காக வெளிநாட்டு ஃபண்ட் வாங்காதீங்க. இங்க கிடைக்காத கம்பெனிகள் வேணும்னு வாங்குங்க. பொண்ணோ பையனோ வெளிநாட்டுல படிக்கப் போறாங்கன்னா அதுவும் சரியான காரணம்தான். ஆனா ஜெர்மனிக்கு அனுப்பற செலவு யூரோவுல வரும், டாலர் ஃபண்ட் அதுக்கு அச்சு அசலா பொருந்தாது.

எவ்வளவு போடலாம்? தம்பி கணக்கையே சொல்றேன். அவசரப் பணம், நிலம், நகை எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, ஏழு எட்டு வருஷம் தொடாத பணம் அவனுக்கு 8 லட்சம். அதுல 15 சதவீதம், 1,20,000 போதும்னு சொன்னேன். பங்கு 30 சதவீதம் விழுந்து, ரூபாயும் 5 சதவீதம் வலுத்துச்சுன்னா, அது 80,000 கிட்ட வந்துடும். 40,000 நஷ்டம், அவன் மொத்தத்துல 5 சதவீதம். கடை நடத்தறவன் அதைத் தாங்குவான். 40 சதவீதம் போட்டிருந்தா அதே சரிவுல லட்சத்துக்கு மேல போயிருக்கும், பயந்து அடிமட்டத்துல வித்திருப்பான். 5 சதவீதத்துக்குக் கீழயும் போடாதீங்க. 8 லட்சத்துல 30,000 இரட்டிப்பானாலும் ஒண்ணும் மாறாது, வேலை மட்டும் மிச்சம். என் கணக்குல 10-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும்தான். அது கூடிப்போனா விக்காதீங்க, புதுசா போடற பணத்தை இந்தியா ஃபண்டுக்குத் திருப்பி விடுங்க. வித்தா வரி வரும். எஃப்ஓஎஃப்-ஐ 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா 12.5 சதவீதம், அதுக்குள்ளன்னா உங்க வருமான ஸ்லாப். இடிஎஃப்-க்கு 12 மாசம். இந்தியப் பங்கு ஃபண்டுக்குக் கிடைக்கிற ஒன்னேகால் லட்சம் விலக்கு இதுக்குக் கிடையாது.

தம்பி என்ன பண்ணினான்னு கேப்பீங்க. அவன் வாங்கினது தப்பான விலை, ஆனா அதே பிரீமியம் இன்னும் சந்தையில இருந்துச்சு. விக்கறவனுக்கு அது லாபம். iNAV 199 இருந்தப்போ 216-க்கு லிமிட் போட்டு 454 யூனிட்டையும் வித்தான். 98,064 வந்துச்சு, நஷ்டம் 1,816 ரூபாயும் புரோக்கரேஜும்தான். நேரா வெளிநாட்டு ஃபண்டை வாங்கற ஒரு எஃப்ஓஎஃப் திறந்திருந்துச்சு, பான் கார்டு ஒண்ணுக்கு இவ்வளவுதான்னு வரம்பு வச்சிருந்தாங்க. அதனால மாசம் 10,000-ன்னு எஸ்ஐபி போட்டிருக்கான். அது நடுவுல மூடிட்டா, மூடின மாசத்துப் பணத்தை லிக்விட் ஃபண்ட்ல வச்சுட்டு காத்திருக்கச் சொல்லியிருக்கேன், திரும்ப இடிஎஃப் பக்கம் போகாம.