ஆர்.ஓ.இ. ஏறுகிறது, ஆர்.ஓ.சி.இ. இறங்குகிறது: எதை நம்புவது?

வணக்கம். இன்றைக்கு என் கம்பெனிக் கணக்கையே திரையில் போட்டிருக்கிறேன். மனக்கணக்குக்கு வசதியாக எண்களை முழுதாக்கிவிட்டேன், மற்றபடி நடந்தது இதுதான்.

முதல் வருடம். என் சொந்தப் பணம் 60 லட்சம், 12 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் 40 லட்சம். ஆக தொழிலில் போட்டிருக்கும் மூலதனம் 100 லட்சம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 20 லட்சம். 100-க்கு 20 வந்தது, எனவே ஆர்.ஓ.சி.இ. 20 சதவீதம். இது யார் போட்ட பணம் என்று பார்ப்பதில்லை, எல்லாப் பணமும் சேர்ந்து எவ்வளவு சம்பாதித்தது என்று மட்டும் சொல்கிறது. அடுத்து, 20-இல் வட்டி 4.8 போக 15.2. அதில் கால் பங்கு வரி என்று வைத்தால் மிஞ்சுவது 11.4. அதை என் 60-ஆல் வகுத்தால் 19 சதவீதம். இது ஆர்.ஓ.இ., என் பணத்துக்கு மட்டும் கிடைத்த வருமானம்.

லாபம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன், அதனால் என் பணம் அதே 60-தான். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் புது மெஷினுக்காக இன்னும் 60 லட்சம் கடன், வட்டி அதே 12 சதவீதம். லாபம் 20-இலிருந்து 28 ஆனது. வட்டி 12 லட்சம், வரி 4 லட்சம் போக மிச்சம் 12 லட்சம். ஆர்.ஓ.இ. 20 சதவீதம்! போன வருடத்தைவிட ஒரு புள்ளி அதிகம். நான் இதை மட்டும் பார்த்துவிட்டு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஆர்.ஓ.சி.இ.-யைப் பாருங்கள். 160-க்கு 28, அதாவது 17.5. இறங்கியிருக்கிறது. ஏன்? புதிதாகப் போட்ட 60 லட்சம் கொண்டுவந்தது 8 லட்சம்தான், சுமார் 13.3 சதவீதம். வட்டியோ 12. இடையில் இருக்கிற அந்த 1.3 புள்ளிக்காகத்தான் நான் என் கடனை இரண்டரை மடங்காக்கியிருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடியதால் ஆர்.ஓ.இ. ஏறியது என்று நினைத்தேன், உண்மையில் ஏற்றியது கடன். கடன் வாங்குமுன் வட்டியோடு ஒப்பிட வேண்டியது ஆர்.ஓ.சி.இ.-யை. இரண்டும் வரிக்கு முந்தைய கணக்கு. அதிலும் பழைய பணத்தையும் சேர்த்து வருகிற சராசரியைவிட, புதுப் பணம் மட்டும் தரப்போகிற சதவீதம்தான் முக்கியம்.

மந்தமான வருடம் வந்தால் என்ன ஆகும்? லாபம் கால் பங்கு குறைகிறது என்று வையுங்கள். 28 என்பது 21 ஆகும். வட்டி அப்படியே 12. மிச்சம் 9, வரி போக 6.75. ஆர்.ஓ.இ. 11.25-க்கு விழுகிறது. மெஷினே வாங்காமல் இருந்து 20 என்பது 15 ஆகியிருந்தால், வரி போக 7.65 நின்றிருக்கும். கம்பெனி பெரிதாகி, என் கைக்கு வருவது குறைந்திருக்கும்!

ஒரு சின்ன விஷயம். மொத்தச் சொத்திலிருந்து குறுகிய காலப் பொறுப்புகளைக் கழித்தால் மூலதனம் வரும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் வங்கி ஓவர்டிராஃப்டும் அந்தக் குறுகிய காலப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கும். வருடம் முழுக்க அடையாமல் ஓடுகிற ஓவர்டிராஃப்ட் என்றால் அதுவும் மூலதனம்தான், திரும்பச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்.ஓ.சி.இ. பொய்யாக உயர்ந்து தெரியும்.

சரி, இப்போது எனக்கே வலித்த இடத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு வருடமும் நான் சம்பளம் எடுக்கவில்லை. லாபம்தான் வருகிறதே, தனியாகச் சம்பளம் எதற்கு என்ற எண்ணம். நான் செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு மேனேஜரை வைத்தால் வருடத்துக்கு 8 லட்சமாவது கேட்பார். அப்படியானால் அந்த 28-இல் 8 என் உழைப்புக்கான கூலி, மூலதனம் சம்பாதித்தது 20-தான். 160-க்கு 20, ஆர்.ஓ.சி.இ. 12.5. வட்டி 12! ஆர்.ஓ.இ.-யும் 20-இலிருந்து சரிபாதியாக 10-க்கு வந்துவிடுகிறது. முதல் வருடத்தையும் இப்படித் திருத்திப் பார்த்தேன். 100-க்கு 12, வட்டிக்குச் சமம். அதாவது அந்த முதல் 40 லட்சம் கடன் வாங்கியதில் எனக்கு ஒரு பைசா லாபமில்லை.

இப்போது சம்பளத்தை மாதாமாதம் செலவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது மெஷினுக்கான கொட்டேஷன் மேஜை மேல் கிடக்கிறது. அது தனியாக 15 சதவீதமாவது தருமா என்று கணக்குப் போட்டேன், 11-தான் வந்தது. ஆர்டர் கொடுக்கவில்லை.