புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: முதல் நாள் பையைத் தூக்கும் முன்

எல்லாருக்கும் வணக்கம். நம் தெருச் சுத்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், வாங்க வாங்க. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் வீடியோவாகவே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பின்னால் தெரிகிற அலங்கோலத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், நம் சாமான்கள் எல்லாம் இந்த அறையில்தான் இருக்கின்றன.

முதலில் என் காலைக் காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்... இதோ, கெண்டைக்காலில் ஒரு கோடு மாதிரி தெரிகிறதா? ஐந்து தையல். நான் குழுவில் சேர்ந்த இரண்டாவது வாரம் நடந்தது. நிரம்பிய குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பை ஒவ்வொரு அடிக்கும் காலில் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே ஒரு உடைந்த பாட்டிலின் கழுத்துப் பகுதி. போட்டவன் வேறு யாருமில்லை, நானேதான். கால் மணி நேரத்துக்கு முன் நான் பொறுக்கிப் போட்டது, போட்டதே மறந்துவிட்டது. அறுபட்டது உடனே தெரியவும் இல்லை. காலுறை ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நம் குழுவில் கண்ணாடி பைக்குள் போவதில்லை. இதோ, இந்த நீல வாளி. இரண்டு பேருக்கு ஒரு வாளி கொடுப்போம். கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, பிளேடு, மூடி வெட்டிய தகர டப்பா எல்லாம் இதற்குள் போகட்டும். வாளியின் பக்கம் கெட்டி பிளாஸ்டிக், அதனால் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு வராது.

சரி, வாளி இருக்கிறதே என்று பையை நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் பையில் யார் என்ன போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் பையை எப்போதும் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கையை நீட்டி, பை உடம்பிலிருந்து விலகி இருக்கிற மாதிரி. தோளில் போடக் கூடாது, அடியில் கை கொடுத்துத் தாங்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்குமே என்று கையாலோ காலாலோ அமுக்கவும் கூடாது. புதியவர்கள் எல்லாரும் செய்கிற வேலை இந்த அமுக்குதல்தான், வீட்டுக் கூடையில் செய்து செய்து பழகிவிட்டது. பாதி நிரம்பியதும் கட்டிவிட்டு அடுத்த பையை எடுங்கள். பை தீர்ந்துவிடுமோ என்ற கவலை என்னுடையது, உங்களுடையது இல்லை.

பாதிப் பையே சில நேரம் தூக்க முடியாத கனம் கனக்கும். காரணம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மழை பெய்த மறுநாள் திறந்து கிடக்கிற பாட்டில்களை அப்படியே போட்டால் பத்துப் பாட்டிலில் நாலைந்து கிலோ சேர்ந்துவிடும். திறந்த பாட்டிலை இடுக்கியால் கவிழ்த்து, கொட்டிவிட்டுப் போடுங்கள். ஆனால் மூடியிருக்கிற பாட்டிலில் ஏதாவது திரவம் இருந்தால் திறக்காதீர்கள், மோந்தும் பார்க்காதீர்கள். மஞ்சளாக இருந்தால் அது என்னவென்று உங்களுக்கே தெரியும். தெரியாத நிறமாக இருந்தால் அதை நிற்கிற இடத்திலேயே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. புதர், உயரமான புல், காய்ந்த இலைக் குவியல், பெஞ்சுக்கு அடியில் இருக்கிற இடுக்கு, இங்கெல்லாம் முதலில் இடுக்கியால் விலக்கிப் பாருங்கள். கையுறை போட்டிருக்கிறேனே என்பீர்கள். நாம் கொடுக்கிற ரப்பர் பூசிய கையுறை அழுக்கைத் தடுக்கும், சின்னக் கீறலைத் தடுக்கும். ஊசியைத் தடுக்காது.

ஊசி என்றதும் சிலர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. அடிக்கடி கிடைக்காது. ஆனால் போன முறை ஒரு பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. கூட வந்த தம்பி அதைப் பார்த்ததும் செய்தது மிகச் சரி: தொடாமல், அந்த இடத்தை விட்டு நகராமல், கையை உயர்த்திக் கூப்பிட்டான். நகர்ந்து போய்த் தேடினால் திரும்பி வரும்போது எந்தப் பெஞ்சு என்றே குழம்பிவிடும். அதற்குள் ஒரு குழந்தை அங்கே போய் உட்கார்ந்துவிடலாம்.

நான் என்ன செய்தேன் என்று காட்டுகிறேன். இந்தப் பேனாவைச் சிரிஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கெட்டியான, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. டப்பாவை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தரையில் வைக்கிறேன். ஊசியை டப்பாவிடம் எடுத்துக்கொண்டு நடப்பது கிடையாது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொள்வதும் கிடையாது, குறி தப்பினால் குத்துவது அந்தக் கையில்தான். இடுக்கியால் சிரிஞ்சின் நடுப்பகுதியைப் பிடித்து, முனை எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மாதிரி தூக்கி, முனை முதலில் உள்ளே போகும்படி விட்டேன். பக்கத்தில் அதன் மூடி கிடந்தது. அதை மாட்ட முயற்சி செய்யவே கூடாது, விரலில் குத்திக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. மூடியும் தனியாக டப்பாவுக்குள் போனது. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல் இறுக்கி மூடி, மேலே எழுதி ஒட்டிவிடுவோம். அதை எங்கே ஒப்படைப்பது என்பது என் பொறுப்பு, சாதாரணக் குப்பையோடு போகாது.

முதல் சில மாதம் ஊசியை நீங்கள் எடுக்க வேண்டாம். கூப்பிட்டால் போதும்.

அதையும் மீறிக் குத்திவிட்டால்? வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், போட்டுத் தேய்க்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என்னிடம் சொல்லுங்கள், உடனே மருத்துவரிடம் போகலாம். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசிகள் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். அந்த விவரத்தை இன்றைக்கே வீட்டில் தேடி எடுத்து போனில் குறித்து வையுங்கள்.

பேட்டரியும் பைக்குள் வேண்டாம். பழைய போன், பவர் பேங்க், எதுவாக இருந்தாலும் தனியாகக் கொடுங்கள். குப்பை வண்டிக்குள் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடித்துவிடலாம். உப்பியிருந்தால் அதுவும் தொடாமல் கூப்பிடுகிற ரகம்.

எத்தனை பை நிரப்பினோம் என்று சிலர் எண்ணுவார்கள். நான் எண்ணுவதில்லை. பை கணக்குப் பார்க்கிற அன்றைக்குத்தான் எல்லாரும் அமுக்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். முன்பக்கம் மூடிய, அடி தடிமனான காலணியும் முழுக்கால் உடுப்பும் போட்டுக்கொண்டு வாங்க, செருப்போடு வந்தால் பதிவேட்டில் பெயர் எழுதுகிற வேலைதான் கிடைக்கும். கையில் புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். கையுறை, இடுக்கி, வாளி எல்லாம் இங்கேயே இருக்கும். என் கையுறையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.