206.80 எப்படி வந்தது? விற்பனை, வசூல், ரீஃபண்ட் தானாகப் பதிவாகும் விதம்

[திரை: வங்கி அறிக்கையில் ஒரே ஒரு வரி. கேட்வேயிலிருந்து 206.80]

ஆன்லைனில் விற்கும் ஒரு கடையின் வங்கிக் கணக்கில், வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கிக் கடைக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வேயிடமிருந்து இன்று 206.80 வந்திருக்கிறது. கணக்கு மென்பொருளில் "கேட்வேயிலிருந்து பணம் வந்தால் விற்பனையில் போடு" என்று ஒரு விதி எழுதி வைத்திருந்தால், அது 206.80 விற்பனை என்று பதிந்துவிட்டுப் போய்விடும். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாக இருப்பதால் மென்பொருள் எதுவும் சொல்லாது. ஆனால் இந்தத் தொகைக்குள் ஒரு விற்பனை, ஒரு ரீஃபண்ட், ஒரு கட்டணம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. அவற்றை எப்படிப் பிரித்துப் பதிவது என்று பார்ப்போம்.

முதலில் சொற்கள். பாடப்புத்தகத்தில் டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. பேச்சு வழக்கிலோ பணம் வந்தாலே வரவு. வங்கிக்குப் பணம் வந்தால் நம் புத்தகத்தில் அது பற்று என்று சொன்னால் கேட்பவர் குழம்பத்தான் செய்வார். வங்கி அறிக்கையும் அதைக் கிரெடிட் என்றே காட்டும், ஏனென்றால் அது வங்கியின் புத்தகம். அதனால் இந்த வீடியோ முழுக்க டெபிட், கிரெடிட் என்றே சொல்கிறோம்.

[திரை: முதல் நாள், விற்பனை]

வரி 10 சதவீதம், கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் விலை 1,000, வரி 100. பில் போட்டதும் மென்பொருள் எழுத வேண்டிய பதிவு இது:

```
டெபிட்    வாடிக்கையாளர் பாக்கி    1,100
கிரெடிட்  விற்பனை                 1,000
கிரெடிட்  செலுத்த வேண்டிய வரி       100
```

வரி நம் வருமானம் கிடையாது, அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன். அதனால் அது விற்பனையோடு சேராமல் தனியாக நிற்கிறது.

அடுத்து வாடிக்கையாளர் கார்டில் பணம் கட்டுகிறார். பணம் இன்னும் நம் வங்கிக்கு வரவில்லை, கேட்வேயிடம் இருக்கிறது. ஆகவே நடுவில் "கேட்வே கிளியரிங்" என்று ஒரு கணக்கு வேண்டும். இன்றைய பேச்சின் மையமே இந்தக் கணக்குதான்.

```
டெபிட்    கேட்வே கிளியரிங்        1,100
கிரெடிட்  வாடிக்கையாளர் பாக்கி    1,100
```

மறுநாள் கேட்வே தன் கட்டணம் 22-ஐப் பிடித்துக்கொண்டு 1,078 அனுப்புகிறது.

```
டெபிட்    வங்கி                   1,078
டெபிட்    கேட்வே கட்டணம்             22
கிரெடிட்  கேட்வே கிளியரிங்        1,100
```

கிளியரிங் பூஜ்யம். வாடிக்கையாளர் பாக்கியும் பூஜ்யம்.

[திரை: மூன்றாம் நாள், ரீஃபண்ட்]

இப்போது வாடிக்கையாளர் பொருளில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறார். அதன் விலை 400, வரி 40. இந்த இடத்தில் பலர் பழைய விற்பனைப் பதிவைத் திறந்து 1,000-ஐ 600 ஆக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அந்த மாதத்தின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் புத்தகம் ஒன்றும் தாக்கல் வேறொன்றுமாக நிற்கும். ரீஃபண்டுக்கு அது நடந்த தேதியிலேயே புதுப் பதிவு வேண்டும். அதுவும் இரண்டாக: முதலில் பொருள் திரும்பியதற்கான கிரெடிட் நோட், பிறகு பணம் திரும்பிப் போவது.

```
டெபிட்    விற்பனைத் திருப்பம்       400
டெபிட்    செலுத்த வேண்டிய வரி        40
கிரெடிட்  வாடிக்கையாளர் பாக்கி      440

டெபிட்    வாடிக்கையாளர் பாக்கி      440
கிரெடிட்  கேட்வே கிளியரிங்          440
```

ஏன் இரண்டு? பொருள் திரும்பி வந்தும் பணம் இன்னும் போகாத நாட்கள் உண்டு. அப்போது வாடிக்கையாளர் கணக்கில் நாம் கொடுக்க வேண்டிய 440 தெளிவாகத் தெரியும். ஒரே பதிவாகச் சுருக்கினால் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

கட்டணத்தைக் கவனியுங்கள். ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் பிடித்த கட்டணத்தைப் பல கேட்வேக்கள் திருப்பித் தருவதில்லை. ஆகவே அந்த 22 செலவாகவே இருக்கும், அதைத் தொட வேண்டாம். உங்கள் கேட்வே திருப்பித் தருகிறது என்றால் அதன் செட்டில்மென்ட் அறிக்கையில் தனி உருப்படியாக வரும். அந்த உருப்படியைப் பார்த்துப் பதியுங்கள், நீங்களாகக் கணக்கிட்டுப் போடாதீர்கள்.

இப்போது கிளியரிங் கணக்கில் 440 கிரெடிட் நிற்கிறது. அதே நாளில் இன்னொரு விற்பனை: 600, வரி 60. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் கிளியரிங்கில் 660 டெபிட் ஏறுகிறது. கேட்வே 660-லிருந்து பழைய ரீஃபண்ட் 440-ஐயும், கட்டணம் 13.20-ஐயும் கழித்து அனுப்புகிறது. மிச்சம்தான் 206.80.

```
டெபிட்    வங்கி                  206.80
டெபிட்    கேட்வே கட்டணம்          13.20
கிரெடிட்  கேட்வே கிளியரிங்       220.00
```

கிளியரிங் மீண்டும் பூஜ்யம். வங்கிப் பணம் ஒருபோதும் விற்பனைக் கணக்கை நேரடியாகத் தொடவில்லை என்பதைப் பாருங்கள். முன்னே சொன்ன அந்த விதி, பில்லிலிருந்து பதிவு தானாகப் போகும் மென்பொருளிலும் இயங்கிக்கொண்டிருந்தால், ஒரே விற்பனை இரண்டு முறை ஏறும். கிளியரிங்கோ காலியாகாமல் வளர்ந்துகொண்டே போகும்.

[திரை: ஒரே செய்தி இரண்டு முறை வந்து விழுகிறது]

அடுத்த சிக்கல், இரட்டைப் பதிவு. "பணம் வந்தது" என்று கேட்வே அனுப்பும் வெப்ஹுக் செய்திக்கு உங்கள் சர்வர் சரியான நேரத்தில் பதில் சொல்லவில்லை என்றால், கேட்வே அதையே மறுபடியும் அனுப்பும். முதல் செய்தி ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 1,100 இரண்டு முறை ஏறிவிடும். ஒரே எண்ணுக்கு ஒரே வகைப் பதிவு இரண்டாம் முறை ஏறாதபடி இதைத் தரவுத்தளத்திலேயே தடுக்க வேண்டும்:

```
UNIQUE (source, source_id, entry_type)
```

`source_id`-யில் ஆர்டர் எண்ணைப் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது. ஒரே ஆர்டருக்கு இரண்டு பகுதி ரீஃபண்ட் வந்தால், இரண்டாவதை இந்தத் தடை நகல் என்று நினைத்துத் தள்ளிவிடும். பணம் போயிருக்கும், புத்தகத்தில் இருக்காது. ரீஃபண்டுக்கு ரீஃபண்டின் எண், வசூலுக்கு வசூலின் எண் என்று போடுங்கள். ஒரு பதிவின் டெபிட், கிரெடிட் வரிகள் எல்லாம் ஒரே தரவுத்தள டிரான்ஸாக்‌ஷனில் சேமிக்கப்பட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இல்லையென்றால் டெபிட் ஏறி, கிரெடிட் பாதியில் நின்றுவிடும்.

பகுதி ரீஃபண்டில் பைசா கணக்கும் உதைக்கும். 100 வரியை மூன்று தவணையாகத் திருப்பினால் 33.33 மூன்று முறை, மொத்தம் 99.99. கடைசித் தவணையைச் சதவீதம் போட்டுப் பார்க்காமல், மீதியைக் கழித்து 33.34 என்று எடுங்கள்.

[திரை: கேட்வே கிளியரிங் கணக்கின் இருப்பு]

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று தினமும் எப்படிப் பார்ப்பது? கிளியரிங் கணக்கின் இருப்பும், கேட்வே இன்னும் நமக்கு அனுப்பாத தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வித்தியாசமே வழி காட்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கட்டணம் பதியப்படவில்லை. சரியாக 440 இருந்தால் அந்த ரீஃபண்ட் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்து இரண்டில் எது என்று சொல்லிவிடலாம். 880 என்று வந்தால் பாதியாக்கிப் பாருங்கள். ரீஃபண்ட் தொகையைச் சில கேட்வேக்கள் கழித்தல் குறியோடு அனுப்பும். அதை மறுபடி எதிர்மறையாக்கும் நிரல், கிரெடிட் ஆக வேண்டியதை டெபிட்டில் போட்டிருக்கும்.