வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது?

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதியோர் மீதான கொடுமை என்றதும் நம் மனதில் அடியும் காயமும்தான் வருகின்றன. அதுவும் நடக்கிறது. ஆனால் இன்று நான் பேசப் போவது சத்தமே இல்லாமல் நடக்கும் ஒன்றைப் பற்றி. வீட்டுக்குள் இருக்கும் உறவினர் ஒருவர் முதியவரின் பணத்தைத் தன் கைக்குள் கொண்டுவருகிறார். அதன் பின்னாலேயே கவனிப்பும் குறைந்துகொண்டே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 6 பேருக்கு ஒருவர், ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். அது வீட்டில் வாழ்கிறவர்களின் கணக்கு. வெளியே சொல்லாதவர்கள்தான் அதிகம் என்பதால் அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதியோர் மீதான கொடுமையை உலக அளவில் தடுப்பதற்காக 2002-இல் வந்த டொரோண்டோ பிரகடனம் இதற்கு ஒரு வரையறை தந்தது. நம்பிக்கை வைத்திருக்கும் உறவுக்குள், முதியவருக்குத் தீங்கோ வேதனையோ தரும் செயல் மட்டும் கொடுமை ஆகாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கொடுமைதான் என்கிறது அது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். கண்ணாடி உடைந்தால் மாற்றித் தராமல் இருப்பது, காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி வாங்காமல் இருப்பது, மருந்து தீர்ந்தும் "அப்புறம் பார்க்கலாம்" என்பது, இவை எல்லாம் அதற்குள் வரும்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே வீடாக்கியிருக்கிறேன். யாரையும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக.

அந்த அம்மாவுக்கு 78 வயது. கணவர் இல்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. வேலை போன இளைய மகன் வீட்டுக்குத் திரும்பி வந்து அவருடன் தங்கினான். வங்கிக்கு நடக்க முடியவில்லை என்று அவரேதான் அட்டையை அவனிடம் கொடுத்தார். தப்பே இல்லை, உதவிதான். அடுத்து ரகசிய எண்ணையும் சொன்னார். அப்புறம் வங்கிக் குறுஞ்செய்தி வருவதால் கைபேசியும் அவனிடம் போயிற்று. கைபேசி போனதும் தோழிகளோடு பேச்சு நின்றது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், "உனக்கு எதுக்கும்மா அந்தக் கவலை?" என்பான். குரல் அன்பாகத்தான் இருக்கும். ஆனால் பதில் வராது.

உதவி எந்த இடத்தில் கட்டுப்பாடாக மாறியது? அட்டை கைமாறிய நாளில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் நின்ற நாளில். பணத்தை இன்னொருவர் நிர்வகிப்பது பல வீடுகளில் அவசியம். பணத்துக்குச் சொந்தக்காரர் எப்போது கேட்டாலும் கணக்கைக் காட்டுவாரா, அட்டையைத் திருப்பிக் கேட்டால் தருவாரா என்பதுதான் சோதனை.

இந்த வீட்டில் கட்டுப்பாடு வந்த பின் கவனிப்பு எப்படித் தேய்ந்தது என்று பாருங்கள். கண்ணாடி உடைந்தது, அடுத்த மாதம் என்றான். மூன்று மாதம் ஆயிற்று. ரத்த அழுத்த மாத்திரையை அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். மறதி காரணமில்லை, தீர்ந்துவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டுமே என்ற தயக்கம். ஆறு மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 46-க்கு வந்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலே மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். இவருக்கு அதையும் தாண்டிவிட்டது. வீட்டில் சாப்பாடு இருந்தது. ஆனால் நிற்க முடியாதவருக்கு எடுத்துத் தர ஆள் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது அவருடைய அண்ணன் மகள். இரண்டு நாள் தங்க வந்தவர் மூன்று விஷயங்களைக் கவனித்தார். மாத்திரை வாங்கிய தேதிக்கும் மீதமிருந்த மாத்திரைக்கும் பொருந்தவில்லை. அத்தையின் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. அத்தையிடம் எது கேட்டாலும் மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னான்; அத்தை பேசும் முன் அவன் முகத்தைப் பார்த்தார். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் இருக்கலாம். எடை குறைய நோய் காரணமாக இருக்கலாம். அதனால் ஓர் அடையாளத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து வரும்போது மெல்ல விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்தப் பெண் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, மகனிடம் நேராகப் போய்ச் சண்டை போடாததுதான். நமக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். ஆனால் நாம் சத்தம் போட்டுவிட்டு நம் வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த அம்மா அன்று இரவு அதே வீட்டில், அதே ஆளோடு இருக்க வேண்டும்.

கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அத்தையை வெளியே கூட்டிப் போனார். இருவரும் தனியாக இருக்க அதுதான் வழி. காத்திருக்கும்போது சாதாரணமாகப் பேச்சு கொடுத்தார்.

"பேங்க் விஷயமெல்லாம் யார் பாத்துக்கறாங்க அத்தை?"

"அவன்தாம்மா."

"உங்களுக்குன்னு கையில ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"எனக்கு என்ன செலவு?"

"ஏதாவது வேணும்னு கேட்டா என்ன ஆகும்?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "கேக்கறதில்லம்மா."

மூன்றாவது கேள்விதான் சாவி. "உங்களைக் கொடுமைப்படுத்துகிறானா?" என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்வார். நடப்பைக் கேட்டால் நடப்பு வெளியே வரும். கனடாவில் மருத்துவர்களுக்காக உருவாக்கி 2008-இல் வெளியிட்ட ஈஏஎஸ்ஐ என்னும், முதியோர் கொடுமை நடக்கிறதா என்று சந்தேகிக்க உதவும் சிறு கேள்வித்தாளும் இதைத்தான் செய்கிறது. சாப்பாடு, மருந்து, கண்ணாடி, காது கருவி கிடைக்காமல் யாராவது தடுத்தார்களா, பார்க்க விரும்பியவர்களைப் பார்க்க விடவில்லையா, விருப்பத்துக்கு மாறாகக் கையெழுத்துப் போட வற்புறுத்தினார்களா என்பது போன்ற ஐந்து கேள்விகள் முதியவரிடம். ஆறாவதை மருத்துவர் தன் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்.

அடுத்து அத்தை சொன்னது நீங்கள் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். "அவன் நல்ல பையன். அவனை ஒண்ணும் கேட்டுடாதே." வெட்கம் இருக்கிறது, பிள்ளைப் பாசம் இருக்கிறது. இவனும் போய்விட்டால் யார் என்ற பயமும் இருக்கிறது. இந்த இடத்தில் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள்; நாளைக்கு உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். "உங்களைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் அந்தப் பெண். அப்புறம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அட்டையைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அத்தை சொல்லவில்லை. கண்ணாடி வேண்டும், கைபேசி தன்னிடம் இருக்க வேண்டும், மாதம் எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். நாம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நம் கையில் எடுத்துக்கொண்டால், அவரைக் கட்டுப்படுத்தும் ஆள் மாறியிருப்பார், வேறொன்றும் மாறியிருக்காது.

மகனிடம் பேசியது அத்தையின் சம்மதத்தோடு, ஒரு வாரம் கழித்து. "நீ ஒரே ஆளா எல்லாத்தையும் பாத்துக்கற, ராத்திரியில உனக்குத் தூக்கம் இருக்கா?" என்று ஆரம்பித்தார். இதில் நடிப்பு கிடையாது. அவனுக்கு வருமானம் இல்லை, வீடு இல்லை, அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் அவனும் சாப்பிடுகிறான். முதியவர் பிள்ளையைச் சார்ந்திருப்பதால்தான் கொடுமை வருகிறது என்று நாம் நினைக்கிறோம். 1980-களில் அமெரிக்க சமூகவியலாளர் கார்ல் பில்லெமர் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கொடுமை செய்கிறவர்தான் பல நேரம் பணத்துக்கும் இருப்பிடத்துக்கும் முதியவரைச் சார்ந்திருக்கிறார். அவனுடைய பிழைப்புக்கு ஒரு வழி செய்யாமல் அட்டையை மட்டும் பிடுங்கினால் அந்த அழுத்தம் அம்மா மேல்தான் வந்து விழும்.

ஏற்பாடு இப்படி ஆயிற்று. அத்தை நேரில் வங்கிக்குப் போய் ரகசிய எண்ணை மாற்றினார். ஓய்வூதியம் அவர் கணக்கிலேயே வரும். அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை மாதாமாதம் தானாகவே இன்னொரு கணக்குக்குப் போகும். மகனிடம் இருப்பது அந்தக் கணக்கின் அட்டை மட்டும். பார்த்துக்கொள்வதற்காக அவனுக்கும் ஒரு தொகை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்தார்கள். குறுஞ்செய்தி அத்தையின் கைபேசிக்கு வரும். மாத்திரையை மருந்துக் கடையே வீட்டில் கொண்டுவந்து தரும். வாரம் இரண்டு முறை அண்ணன் மகள் கூப்பிடுவார். பக்கத்தில் ஆள் இருந்தால் அத்தை "அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும், அதற்கு அர்த்தம் இருவருக்கும் தெரியும்.

கட்டுப்பாடு கையைவிட்டுப் போகும் நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். அதனால் வங்கிக்குப் போன வாரம் அந்தப் பெண் அங்கேயே தங்கினார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான், சில நாள் பேசவில்லை. அதற்கு மேல் போகவில்லை. எல்லா வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு எச்சரிக்கை. மறதி நோயில் "என் பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்று முதியவர் சொல்வது சகஜம். நோய் என்று தள்ளிவிடவும் வேண்டாம், உடனே நம்பி உறவினர் மேல் பாயவும் வேண்டாம். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பாருங்கள், அது பதில் சொல்லும். அடுத்தது, வீடு, நிலம், உயில் சம்பந்தமாக அவசரமாகக் கையெழுத்து கேட்டால் அன்றைக்கே போட வேண்டாம். அதனால் லாபம் பெறுகிறவர் அறையில் இல்லாதபோது, தனி வழக்கறிஞர் ஒருவர் முதியவரோடு பேசட்டும்.

மெல்லப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இடுப்பிலோ குதிகாலிலோ தெரிந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புண் திறந்து கறுத்திருந்தால், முதியவர் மயங்கிக் கிடந்தால், பூட்டிய அறையில் இருந்தால், கழுத்திலோ காதிலோ காயம் இருந்தால் ஏற்பாடெல்லாம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை, தேவைப்பட்டால் காவல்துறை.

அந்த அத்தைக்குப் பழைய பணம் திரும்பி வரவில்லை. அதைக் கேட்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தெளிவாக யோசிக்கக் கூடிய ஒருவர் எடுத்த முடிவு அது. அண்ணன் மகளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அத்தோடு விட்டுவிட்டார். மாத்திரை தினமும் போகிறது, எடை 49 ஆகியிருக்கிறது.